பாட்டியின் பழைய போனுக்கு ஒரு பூட்டு

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப் போவது ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான். வீட்டில் இருக்கும் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ பேரப்பிள்ளைகள் பயன்படுத்திய பழைய போனைக் கொடுத்திருப்போம். அதில் திரைப் பூட்டு இருக்காது. அதற்கு ஒரு PIN எண்ணும் கைரேகையும் எப்படி வைப்பது, வைத்த பிறகு அவர்கள் திண்டாடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். ஆண்ட்ராய்டு போனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் குடியிருப்பில் பெரியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

எல்லாவற்றையும் ஒரு உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். நம் பிளாக்கில் இருக்கும் ஒரு அம்மா, எழுபத்தாறு வயது, தனியாக இருக்கிறார். பேரன் கொடுத்த போன், ஆண்ட்ராய்டு 9. பின்பக்கம் வட்டமாக ஒரு கைரேகை சென்சார் இருக்கிறது. இதைப் பற்றி இங்கே பேசலாம் என்று அவரே சொன்னார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

பூட்டு போடலாம் என்று சொன்னதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. "போன மாசம் காய்கறிக் கடையிலே போனை வச்சிட்டு வந்துட்டேன். அந்தத் தம்பி கடைசியா பேசின நம்பருக்குப் போட்டு என் பொண்ணுகிட்டச் சொல்லித்தான் திரும்பக் கிடைச்சுது. பூட்டு இருந்தா அவன் எப்படிக் கூப்பிட்டிருப்பான்?"

இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் பூட்டு போடக் கூடாது. பதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அதே சமயம் அந்தப் போனில் என்னென்ன இருந்தது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பாஸ்புக் முதல் பக்கத்தின் போட்டோ, ஆதார் கார்டின் போட்டோ, வங்கியிலிருந்து வரும் ஓடிபி குறுஞ்செய்திகள், திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப். கடைக்காரத் தம்பி நல்லவர். வேறொருவர் கையில் கிடைத்திருந்தால், அம்மா பெயரிலேயே உறவினர் எல்லோருக்கும் "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று செய்தி அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அதைப் பார்த்த பிறகு, "சரி, போடு" என்றார்.

முதலில் பேரனின் தடங்களை எடுக்க வேண்டும்

கைமாறி வந்த போன் என்றால் பூட்டு போடுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, அதில் யாருடைய கூகுள் கணக்கு இருக்கிறது என்பது. "Settings" உள்ளே "Accounts" என்ற இடத்தில் தெரியும். இந்த அம்மாவின் போனில் பேரனுடைய கணக்குதான் இருந்தது. அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். நாளைக்கு PIN மறந்து, போனை முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்க நேர்ந்தால், அதில் முன்பு இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைப் போன் கேட்கும். திருட்டைத் தடுக்கக் கூகுள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. பேரனுக்கும் அந்தப் பாஸ்வேர்டு நினைவில்லை என்றால் போன் வெறும் பெட்டிதான். அதனால் அம்மா பெயரில் ஒரு கணக்கைச் சேர்த்து, அதன் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, பேரனின் கணக்கை நீக்கினோம். நீக்குவதற்கு முன், அதில் சேமித்திருந்த தொலைபேசி எண்கள் அம்மாவின் கணக்குக்கு வந்துவிட்டனவா என்று பார்த்துக்கொண்டோம். இல்லையென்றால் எண்களும் அதோடு போய்விடும்.

இரண்டு, பழைய கைரேகைகள். பேரன் முன்பு வைத்த ரேகைகள் போனில் இருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டும். யாருடைய விரல்கள் இந்தப் போனைத் திறக்கும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

PIN வைப்பது

"Settings" திறந்து, "Security", அதற்குள் "Screen lock", அதற்குள் "PIN". கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறும். சிலவற்றில் "Lock screen" என்று தனியாக இருக்கும். தேட வேண்டாம், "Settings" மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் "screen lock" என்று அடித்தால் அதுவே காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அதே பக்கத்தில் பல போன்களில் "SIM card lock" என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொட வேண்டாம். அது சிம் கார்டுக்கான பூட்டு. அதில் மூன்று முறை தவறாக அடித்தால் சிம் முடங்கி, PUK என்று ஒரு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணையும் பத்து முறை தவறாக அடித்தால் அந்த சிம் அதோடு சரி, புதிது வாங்க வேண்டும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவோம்.

எண்ணை யார் தேர்ந்தெடுப்பது? பெரியவர்தான். பிள்ளைகள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் எண் பிள்ளைகளின் நினைவில்தான் இருக்கும். பிறந்த வருடம், வீட்டு எண், 1234 இவை வேண்டாம். கூட இருப்பவர்கள் முதலில் அடித்துப் பார்ப்பது அவைதான். ஏடிஎம் எண்ணும் யுபிஐ எண்ணும் நிச்சயமாக வேண்டாம். திரை PIN அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். அதே எண் பணத்தையும் திறந்துவிடக் கூடாது. நாற்பது வருடத்துக்கு முன் மனப்பாடமான ஏதாவது ஒரு எண் நல்லது. இந்த அம்மா கல்யாணமான புதிதில் தினமும் அழைத்த ஒரு பழைய தொலைபேசி எண்ணிலிருந்து நான்கு எண்களை எடுத்துக்கொண்டார். எது என்று நான் கேட்கவில்லை. அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆறு எண் வைத்தால் இன்னும் பலம். ஆனால் மறந்து போகும் ஆறு எண்ணைவிட மறக்காத நான்கு எண் மேல்.

PIN வைக்கும்போது பழைய போன்கள் இடையில் ஒரு கேள்வி கேட்கும்: போனை ஆன் செய்யும்போதே PIN கேட்க வேண்டுமா என்று. "Secure start-up" என்று தலைப்பு இருக்கும். இதற்கு "No" சொல்லுங்கள். "Yes" என்றால், சார்ஜ் தீர்ந்து அணைந்த போன் மறுபடி ஆன் ஆகும்போது PIN அடிக்கும் வரை எந்த அழைப்பும் வராது, மாத்திரைக்கு வைத்த அலாரமும் அடிக்காது. வெளியூரில் இருக்கும் மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துப் பதறிப் போவாள்.

அடுத்து அறிவிப்புகளைப் பற்றிக் கேட்கும். மூன்று தேர்வு இருக்கும்: எல்லாவற்றையும் காட்டு, முக்கியமானதை மறை, எதையும் காட்டாதே. நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். "Hide sensitive content" என்று இருக்கும். அப்போதுதான் பூட்டிய திரையில் ஓடிபி தெரியாது. "குறுஞ்செய்தி வந்திருக்கிறது" என்று மட்டும் தெரியும். சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது சுலபம். போனைப் பூட்டி மேசையில் வைத்துவிட்டு, உங்கள் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். நீங்கள் எழுதிய வார்த்தைகள் அந்தத் திரையில் தெரிந்தால் இன்னும் மறைக்கவில்லை என்று அர்த்தம்.

கைரேகைக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும்

கைரேகையையும் அன்றைக்கே வைத்துவிட எல்லோருக்கும் ஆசை வரும். நான் வைக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

கைரேகை என்பது அவசரக் கதவு மாதிரி. உண்மையான சாவி PIN தான். போனை அணைத்து ஆன் செய்தால் முதல் முறை கைரேகை வேலை செய்யாது, PIN தான் கேட்கும். அணைக்காமலே இருந்தாலும், மூன்று நாட்களுக்கு ஒருமுறை போலப் பெரும்பாலான போன்கள் PIN கேட்கும். விரல் ஐந்து முறை பொருந்தாமல் போனாலும் அப்படித்தான். முதல் நாளிலிருந்தே விரலை மட்டும் வைத்துப் பழகியவருக்கு, பத்து நாள் கழித்து திடீரென்று எண் கேட்டால் கை ஓடாது. "போன் கெட்டுப் போச்சு" என்றுதான் நம்மைக் கூப்பிடுவார்கள்.

அதனால் ஒரு வாரம் PIN மட்டும். இந்த அம்மா தினமும் காலையில் காபி குடித்ததும் போனைத் திறப்பார். முதல் இரண்டு நாள் இரண்டு இடத்தில் தடுமாறினார். பூட்டிய திரையை மேல்நோக்கித் தள்ளினால்தான் எண் பலகை வரும்; அவர் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். இன்னொன்று, நான்கு எண்ணை அடித்துவிட்டு, திறக்கும் என்று காத்திருந்தார். அவருடைய போனில் கடைசியில் கீழே இருக்கும் குறியையும் அழுத்த வேண்டும். இந்த இரண்டையும் ஒரு தாளில் படமாக வரைந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் தாள் தேவைப்படவில்லை. தவறாக ஐந்து முறை அடித்தால் போன் முப்பது விநாடி காத்திருக்கச் சொல்லும் என்பதையும் வேண்டுமென்றே செய்து காட்டினேன். அதைப் பார்த்திருந்தால் பிறகு பயப்பட மாட்டார்கள்.

கைரேகை ஏன் விழவில்லை

ரேஷன் கடையில் கைரேகை விழாமல் நின்ற அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். போனிலும் அதே கதைதான். வயதாக ஆகத் தோல் மெலிந்து வறண்டு, ரேகையின் மேடுகள் தட்டையாகிவிடும். பழைய போனின் சென்சார், மேடு எங்கே பள்ளம் எங்கே என்று தோலில் ஏற்படும் மிகச் சிறிய மின் வேறுபாட்டைப் பார்த்துத்தான் ரேகையைப் படிக்கிறது. வறண்ட தோலில் அந்த வேறுபாடு குறைவு. ஈரக் கையிலோ பள்ளமெல்லாம் நிரம்பிவிடுவதால் அதுவும் படிக்காது. வருடக்கணக்காகப் பாத்திரம் தேய்த்த கை, அரிவாள்மனை பிடித்த கை என்றால் சில விரல்களில் ரேகையே தேய்ந்திருக்கும்.

எந்த விரல் நல்லது என்று பார்க்க ஒரு சுலபமான வழி. துடைத்த எவர்சில்வர் டம்ளரில் ஒவ்வொரு விரலையும் அழுத்தி, வெளிச்சத்தில் பாருங்கள். கோடு கோடாகத் தெரிகிற விரலைத் தேர்ந்தெடுங்கள். இந்த அம்மாவுக்கு வலது ஆள்காட்டி விரலில் வெறும் மங்கல்தான். இடது ஆள்காட்டி விரலில் கோடுகள் தெளிவாக இருந்தன. போனையும் அவர் இடது கையில்தான் பிடிக்கிறார். பின்பக்க சென்சாருக்கு அதுவே வசதி.

பதிவு செய்வதற்குக் கால் மணி நேரம் முன் கையைக் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு நன்றாகத் துடைத்துவிடச் சொன்னேன். எண்ணெய் விரலில் இருக்கக் கூடாது, தோலின் வறட்சி மட்டும் போக வேண்டும். சென்சாரையும் மெல்லிய துணியால் துடைத்தோம்.

இப்போது "Settings" இல் "Fingerprint". PIN கேட்கும், அம்மாவே அடித்தார். பிறகு விரலை வைத்து எடுக்கச் சொல்லும், பலமுறை. இங்கேதான் பலர் போனை மேசையில் படுக்க வைத்து, விரலை நேராக வைத்துப் பதிவு செய்கிறார்கள். பிறகு அன்றாடம் கையில் பிடிக்கும்போது விரல் சாய்வாகத்தான் படும், போன் அடையாளம் காணாது. ஆகவே அவர் நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போலப் போனைப் பிடித்து, வழக்கம்போல விரல் எப்படிப் படுகிறதோ அப்படியே பதிவு செய்தார். ஒவ்வொரு முறையும் விரலைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் என்று நகர்த்த வேண்டும். அழுத்த வேண்டாம். தொட்டு, போன் அதிரும் வரை வைத்து, எடுத்தால் போதும்.

அதே விரலை இரண்டாவது ரேகையாகவும் இன்னொரு முறை பதிவு செய்தோம். மெலிந்த ரேகைக்கு இது நன்றாக உதவும்; போனிடம் ஒப்பிட இரண்டு பதிவு இருக்கும். மூன்றாவதாக வலது நடுவிரல், இடது கையில் அடிபட்டாலோ கட்டுப் போட்டாலோ பயன்படும்.

பிறகு பத்து முறை பூட்டித் திறந்து பார்த்தோம். ஏழு முறைதான் திறந்தது. மூன்று முறை "Not recognized" என்று வந்தது. கவனித்துப் பார்த்தால் தவறு விரலில் இல்லை. அவர் போனுக்குப் புத்தகம் மாதிரி மூடும் உறை போட்டிருந்தார். மூடியைப் பின்னால் மடித்துப் பிடிக்கும்போது அதுவே சென்சாரை மூடிவிடுகிறது. உறையை மாற்றி, பின்பக்கம் துளை உள்ள சாதாரண உறை போட்டோம். அந்தத் துளையின் விளிம்பு கொஞ்சம் உயரமாக இருப்பதால், பார்க்காமலே விரல் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதன் பிறகு பத்துக்கு ஒன்பது.

ஒன்பது என்றால் போதும். பத்துக்கு ஆறு, ஐந்து என்று வந்தால் பழைய பதிவை நீக்கிவிட்டு வேறு விரலில் முயலுங்கள். எந்த விரலும் சரிப்படவில்லை என்றால் PIN மட்டும் இருக்கட்டும். திறக்காத கைரேகை பெரியவர்களை அவமானப்படுத்துகிறது. அவர்களைப் பத்து முறை விரல் வைக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டாம். மருதாணி வைத்த வாரமும், பனிக்காலத்தில் தோல் வெடிக்கும் நாட்களும் ரேகை ஏமாற்றலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைக்காரத் தம்பி எப்படிக் கூப்பிடுவார்?

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். போன் பூட்டியிருந்தாலும் வருகிற அழைப்பை யாரும் எடுக்கலாம். அதற்கு PIN தேவையில்லை. அம்மா தன் போனைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டால் கடைக்காரர் எடுத்துப் பேசலாம். அவசர உதவிக்கான 112 எண்ணையும் பூட்டிய திரையிலிருந்தே அழைக்கலாம்.

அதோடு, "Settings" தேடல் கட்டத்தில் "emergency" என்று அடித்தால் "Emergency information" வரும். அதில் பெயர், இரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், மகளின் எண் ஆகியவற்றைப் போட்டோம். பூட்டிய திரையில் "Emergency" என்பதைத் தொட்டு அங்கே போனால், யாரும் அந்த மகளின் எண்ணை மட்டும் அழைக்க முடியும். வேறு எதையும் திறக்க முடியாது. ஆனால் கடைக்காரருக்கு அப்படி ஒரு இடம் இருப்பது தெரியாதே? அதற்கு "Lock screen message" என்று ஒன்று இருக்கிறது. அதில் தமிழிலேயே எழுதினோம்: "இந்தப் போன் கிடைத்தால் தயவுசெய்து இந்த எண்ணுக்குச் சொல்லவும்", கீழே மகளின் எண். போனைப் பூட்டி என் கையில் கொடுத்து, நான் கடைக்காரராக நடித்தேன். மகளுக்கு அழைப்பு போனது. அம்மா அப்போதுதான் சிரித்தார்.

யாருக்கு எண் தெரியலாம்

மகனுக்கு எண் தெரிய வேண்டும் என்பது அவன் விருப்பம். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. "நான் யார்கிட்ட என்ன பேசறேன்னு அவன் பாக்கணுமா?" என்றார். இதில் நாம் நடுவராக வேண்டியதில்லை, போன் அவருடையது. ஆனால் PIN முழுவதும் மறந்துவிட்டால், பெரும்பாலான போன்களில் எல்லாவற்றையும் அழிப்பதைத் தவிர வழி கிடையாது. கடையில் "அன்லாக்" செய்து தருகிறேன் என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் செய்வதும் அந்த அழிப்புதான். பேத்தியின் படங்கள் எல்லாம் போய்விடும். இதைச் சொன்னதும் அவரே ஒரு வழி கண்டார். எண்ணை ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, பீரோவில் பத்திரங்களோடு வைத்துவிட்டார். மகனுக்கு உறை இருக்கும் இடம் தெரியும். பிரித்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். போன் உறைக்குள் சீட்டு வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பூட்டையும் சாவியையும் சேர்த்தே தொலைப்பது அது.

கடைசியாக ஒரு எல்லை. இந்தப் பூட்டு போனுக்குத்தான், சிம்முக்கு இல்லை. தொலைந்த போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். ஆகவே போன் தொலைந்து, கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை என்றால், பூட்டு இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே வேறு போனிலிருந்து சிம் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை முடக்குங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். இந்த எண்களை அந்தப் போனுக்குள் வைத்தால் பயனில்லை; சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

இன்றைக்குப் போன் கொண்டு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். PIN வரை இங்கேயே வைத்துவிடலாம். கைரேகைக்கு அடுத்த வாரம். டம்ளர் நான் கொண்டு வருகிறேன்.